140-லிருந்து 280-க்கு: ஒரு வெளியீட்டு மின்னஞ்சல் எப்படி எழுதப்படுகிறது

மென்பொருள் நிறுவனங்களில் ஒரு புதிய வசதியை மக்களுக்குத் திறந்துவிட்டதும், அதற்குப் பொறுப்பான புராடக்ட் மேனேஜர் ஒரு மின்னஞ்சல் எழுதுவது வழக்கம். என்ன முடிவு எடுக்கப்பட்டது, ஏன், அதற்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது, அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும். அதைப் படிப்பவர்களில் நிரல் எழுதியவர், விளம்பரம் விற்பவர், வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்பவர், நிறுவனத்தின் தலைவர் என எல்லோரும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குச் சேரும் ஒருவர், "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டுத் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பதும் அந்த மின்னஞ்சல்தான். ஆகவே அது வெற்றிச் செய்தியாக மட்டும் இருந்தால் போதாது. முடிவை யாராவது பின்னால் சரிபார்க்க விரும்பினால், அதற்கு வேண்டிய எண்கள் அதற்குள்ளேயே இருக்கவேண்டும்.

இத்தகைய மின்னஞ்சல்கள் பெரும்பாலும் நிறுவனத்துக்கு உள்ளேயே தங்கிவிடும். ஆனால் அவற்றில் இருக்கவேண்டிய செய்திகள் ஏறத்தாழ முழுவதும் வெளியே வந்த ஒரு முடிவு உண்டு. 2017-ஆம் ஆண்டு ட்விட்டர் தன் எழுத்து வரம்பை 140-லிருந்து 280-ஆக உயர்த்தியது. அதைப் பற்றிய அறிவிப்புகளை எழுதியவர் நிறுவனத்தின் புராடக்ட் மேனேஜர் அலைசா ரோசன். செப்டம்பரில் வந்த முதல் அறிவிப்பில் பொறியாளர் இகுஹிரோ இஹாராவும் உடன் எழுதினார். சோதனைக்கு முன்பு ஒன்று, வெளியீட்டின்போது ஒன்று, ஓராண்டு கழித்து வெளியிட்ட எண்கள் என மூன்று கட்டங்களும் கிடைப்பதால், ஒரு வெளியீட்டு மின்னஞ்சல் எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லத் தயங்கவேண்டும் என்பதை இதை வைத்தே விளக்கிவிடலாம்.

140 என்ற எண்ணில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. 2006-இல் ட்விட்டர் தொடங்கியபோது அது கைபேசிக் குறுஞ்செய்தி வழியாக ஓடியது. ஒரு குறுஞ்செய்தியில் 160 ஆங்கில எழுத்துகள் அடங்கும். அதில் 20 எழுத்துகளைப் பயனரின் பெயருக்கு ஒதுக்கியபின் மிஞ்சியது 140. சில ஆண்டுகளில் எல்லோரும் செயலிக்கும் இணையத்துக்கும் மாறிவிட, அந்தத் தொழில்நுட்பக் காரணம் மறைந்தது. வரம்பு மட்டும் நின்றது. நின்றதோடு நில்லாமல் அதுவே அந்தத் தளத்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. சுருங்கச் சொல்லுதல் என்பதே ட்விட்டரின் அழகு என்று பழைய பயனர்கள் நம்பினார்கள். 2016 ஜனவரியில் வரம்பு 10,000 எழுத்தாக உயரப்போகிறது என்ற செய்தி கசிந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, இந்த எண்ணைத் தொடுவது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதைக் காட்டியது. அதன்பின் நிறுவனம் ஓரங்களைத்தான் தொட்டது. 2016 செப்டம்பரில் படங்களையும் மேற்கோள் காட்டும் ட்வீட்களையும் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தியது. 2017 மார்ச்சில், பதில் எழுதும்போது முன்னால் வரும் பெயர்களையும் கணக்கிலிருந்து எடுத்தது.

வரம்பையே மாற்றலாம் என்ற யோசனைக்கு அடிப்படையாக இருந்தது ஓர் ஒப்பீடு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ட்வீட்களில் 9 விழுக்காடு 140 என்ற எல்லையில் வந்து முட்டி நின்றன. ஜப்பானிய மொழியில் அப்படி முட்டியவை 0.4 விழுக்காடு மட்டுமே. ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காணப்பட்ட நீளம் 34 எழுத்து, ஜப்பானியத்தில் 15. காரணம் எளிது. ஜப்பானிய, சீன எழுத்துகளில் ஒரே குறி ஒரு முழுச் சொல்லையோ சொல்லின் பெரும்பகுதியையோ தாங்கும். கொரியத்தில் ஒரு குறி ஓர் அசையைத் தாங்கும். 140 இடங்களில் ஜப்பானியர் ஒரு பத்தியே எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுபவர் இரண்டு வாக்கியத்தில் திணறுவார்.

இஹாரா இந்தத் திணறலுக்கு ஓர் உருவமும் கொடுத்தார். ட்வீட்களின் நீளத்தை வரைபடமாக இட்டால், குறைந்த நீளத்தில் வேகமாக ஏறி, பிறகு வலப்பக்கம் மெல்லச் சரியும் வளைகோடு ஒன்று கிடைக்கிறது. புள்ளியியலில் பழக்கமான வடிவம்தான் அது. ஜப்பானிய ட்வீட்களில் இந்தச் சரிவு அமைதியாக முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் 140-ஐ நெருங்கும் இடத்தில் திடீரென ஒரு மேடு எழுகிறது. இயல்பாக 150, 180 என்று நீண்டிருக்கவேண்டிய ட்வீட்களை வெட்டிக் குறுக்கி எல்லைக்குள் அமுக்கியதன் தடம் அது. அமுக்க முடியாமல் பாதியில் கைவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். வெளிவராத ட்வீட் வரைபடத்தில் ஏறாது. வளைகோட்டை அதன் இயல்பான போக்கில் நீட்டிப் பார்த்தால், வரம்பு எங்கே இருந்தால் மேடு மறையும் என்று மதிப்பிட முடியும். ஒரு மின்னஞ்சலில் "பயனர்கள் சிரமப்படுகிறார்கள்" என்று எழுதுவதற்கும் இந்த வரைபடத்தை வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது கருத்து, அதோடு யாரும் வாதாடலாம். பின்னது சிரமத்தின் அளவைச் சொல்கிறது.

இந்த ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தளமும் வரம்பும் ஒன்றே, எழுத்து முறை மட்டும் வேறு என்பதால் இது தானாகவே அமைந்த சோதனை போலத் தெரிகிறது. ஆனால் ஜப்பானியர் எழுத்தில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? பேசும் பொருள், பழக்கம், தளத்தைப் பயன்படுத்தும் விதம் எல்லாமே வேறு. இட நெருக்கடி இல்லாத மொழிகளில் அதிகம் பேர் ட்வீட் செய்கிறார்கள் என்று செப்டம்பர் அறிவிப்பு சொன்னது. அதற்கு இடவசதிதான் காரணம் என்பதை அந்த ஒப்பீடு மட்டும் நிறுவிவிடாது. அதனால்தான் நேரடிச் சோதனை தேவைப்பட்டது. 2017 செப்டம்பர் 26 அன்று ஒரு சிறு குழுவினருக்கு மட்டும் 280 எழுத்து திறக்கப்பட்டது.

இனி அந்த மின்னஞ்சல். நிறுவனத்துக்குள் உண்மையில் சுற்றிய கடிதம் எதையும் இங்கே தரவில்லை. பொதுவெளியில் வந்த எண்களை மட்டும் வைத்து, 2017 நவம்பர் 7 அன்று ஒரு புராடக்ட் மேனேஜர் தன் சக ஊழியர்களுக்கு எழுதினால் அது ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"பொருள்: 280 எழுத்து இன்று முதல் எல்லோருக்கும் – ஜப்பானியம், சீனம், கொரியம் நீங்கலாக

அனைவருக்கும் வணக்கம். நெருக்கடி இருந்த எல்லா மொழிகளுக்கும் இன்று 280 எழுத்து வரம்பைத் திறக்கிறோம். ஜப்பானியம், சீனம், கொரியம் மூன்றும் இப்போதுள்ளபடியே தொடரும். அங்கே தீர்க்கவேண்டிய சிக்கல் இல்லை.

ஆங்கில ட்வீட்களில் 9 விழுக்காடு வரம்பில் முட்டிக்கொண்டிருந்தன. சோதனைக் குழுவில் இது 1 விழுக்காடாகக் குறைந்தது. நாம் தீர்க்க நினைத்தது இதைத்தான்.

நாம் பயந்தது வேறு. எல்லோரும் நீளமாக எழுதத் தொடங்கினால், கைபேசியில் ஒரு பார்வையில் தெரியும் ட்வீட்களின் எண்ணிக்கை குறையும். சுருக்கம் என்ற நம் அடையாளம் போய்விடும். சோதனையின் முதல் சில நாள்களில் பலர் 280-ஐயும் நிரப்பினார்கள். புதுமை தீர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். மொத்தத்தில் 140-ஐத் தாண்டியவை 5 விழுக்காடு, 190-ஐத் தாண்டியவை 2 விழுக்காடு. படமோ வாக்கெடுப்போ உள்ள ஒரு ட்வீட், 190 எழுத்து ட்வீட்டைவிடப் பொதுவாக அதிக இடம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூடுதல் இடம் கிடைத்தவர்களுக்கு விருப்பங்களும் மறுபகிர்வுகளும் பின்தொடர்பவர்களும் கூடினார்கள். அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரமும் கூடியது. ஆனால் இந்தக் கூடுதல், எல்லோருக்கும் திறந்தபின் அப்படியே நீடிக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். காரணம் கீழே இணைப்பில் இருக்கிறது.

ஓராண்டு கழித்து மூன்று எண்களை மறுபடி பார்ப்போம்: வரம்பில் முட்டும் பங்கு, மிக அதிகமாகக் காணப்படும் நீளம், 140-ஐத் தாண்டும் பங்கு. இரண்டாவது எண் கணிசமாக ஏறியிருந்தால் நம் கணிப்பு தவறு."

இந்தக் கடிதத்தில் முதல் வாக்கியமே முடிவைச் சொல்லிவிடுகிறது. பின்னணியை விளக்கிக் கடைசியில் முடிவுக்கு வரும் பள்ளிக் கட்டுரை முறை இங்கே உதவாது. பாதிப்பேர் இரண்டாவது பத்திக்கு மேல் படிக்கமாட்டார்கள். எதை அறியவேண்டுமோ அது மேலே இருந்தாகவேண்டும். அடுத்ததாக, முடிவுக்கு உட்படாதவர்கள் யார் என்பது பொருள் வரியிலேயே இருக்கிறது. புகாருக்குப் பதில் சொல்பவருக்கு முதலில் வரப்போகும் கேள்வி, "எனக்கு ஏன் வரவில்லை?" என்பதுதான்.

விட்டுக்கொடுத்தது எது என்ற பகுதிதான் இத்தகைய மின்னஞ்சல்களில் பெரும்பாலும் சொதப்பும். "சில பயனர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்" என்பது போன்ற ஒரு வரியோடு கடந்துவிடுவார்கள். இங்கே அச்சம் இரண்டு எண்களாக மாற்றப்பட்டிருக்கிறது. சுருக்கம் அழியுமா என்ற கேள்வியை, 140-ஐத் தாண்டுபவை எவ்வளவு, 190-ஐத் தாண்டுபவை எவ்வளவு என்று கேட்டால் அளந்துவிடலாம். 190 என்ற இரண்டாவது கோடும் படத்தோடு ஒப்பிட்டு விளக்கப்பட்டதால் கைக்கு எட்டும் பொருளாகிறது: ஏற்கெனவே மக்கள் சகித்துக்கொண்டிருக்கும் ஒரு படத்தைவிட இந்த நீளம் பெரிய இடையூறு அல்ல. உண்மையான நவம்பர் அறிவிப்பிலும் இந்த வாதம் இருந்தது; அதன் சிறந்த வரி அதுதான் என்று சொல்லலாம்.

விட்டுக்கொடுத்தவற்றில் வேறொன்று எண்ணாக வெளியே வரவில்லை. மொழிக்கு மொழி வரம்பு வேறு என்று ஆனபின், கணினி அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரே ட்வீட்டில் ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்திருந்தால்? ட்விட்டர் மொழியை ஊகிக்கவில்லை, எழுத்துக்கு எடை போட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடு என்ற தரம் ஒவ்வோர் எண் கொடுத்திருக்கிறது. 0 முதல் 4351 வரையுள்ள எண்களில் வரும் எழுத்துக்கு ஓர் இடம். சில நிறுத்தக்குறிகள் நீங்கலாக, அதற்கு மேலே உள்ள எல்லாவற்றுக்கும் இரண்டு இடம். மொத்தம் 280 இடம். ஆகவே முழுக்க ஜப்பானியத்தில் எழுதினால் பழைய 140-தான் கிடைக்கும். கலந்து எழுதினால் கலவைக்கு ஏற்பக் கிடைக்கும். நிறுவனம் வெளியிட்ட நிரல் தொகுப்பில் இந்த அட்டவணையை யாரும் பார்க்கலாம்.

பொறியாளர் கண்ணுக்கு இது நேர்த்தியான தீர்வு. ஆனால் 4351 என்ற கோட்டுக்கு மேலே இருப்பவை அந்த மூன்று மொழிகள் மட்டுமல்ல. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிக்கான எழுத்தும் கம்போடியாவின் கெமர் எழுத்தும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. கெமரில் ஒரு சொல்லை எழுத ஒரு குறி போதாது; மெய்யும் உயிர்க்குறியும் அடியில் ஒட்டும் எழுத்துமாக நீளும். மூன்று மொழிகளில் மட்டும் மாற்றம் இல்லை என்று அறிவிப்பு சொன்னது. அட்டவணைப்படி பார்த்தால் கெமரில் எழுதுபவருக்கும் இரட்டிப்பு கிடைக்கவில்லை. ஒரு வெளியீட்டு மின்னஞ்சலின் "உட்படாதவர்கள்" பட்டியல், அறிவிப்பிலிருந்து எழுதப்படாமல் அட்டவணையிலிருந்து எழுதப்படவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழ் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் 280-ஐப் பெற்றது. அதன் தேவையும் ஆங்கிலத்தைவிடக் கூடுதல். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நாம் எண்ணுவது போல எண்ணப்படுவதில்லை. "க" என்பது ஓர் இடம். "கி" என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு. "க்" என்பதில் புள்ளிக்குத் தனி இடம். "வணக்கம்" நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 7. "தொழில்நுட்பம்" நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 13. "ஸ்ரீ" என்ற ஒற்றை வடிவம் 4 இடத்தை விழுங்கும். சந்தி சேர்ந்து நீளும் சொற்களும் இதோடு கூட, பழைய 140-இல் தமிழில் எழுதியவர்கள் எதை முட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது புரியும். ஆனால் வெளியான 9 விழுக்காடு ஆங்கிலத்துக்கான எண். அதைத் தமிழுக்குப் பொருத்திப் பேசக்கூடாது.

இப்போது அளந்த விளைவுகளுக்கு வரலாம். 9 விழுக்காடு 1 ஆனது என்பது தலைப்புக்கு ஏற்ற எண். ஆனால் அதை அதிகம் கொண்டாடுவதற்கில்லை. கூரையை உயர்த்தினால் தலை இடிப்பவர்கள் குறைவது இயற்கை. வரம்பை 200 ஆக்கியிருந்தாலும் ஓரளவு குறைந்திருக்கும். இந்த எண்ணால் உறுதியாவது ஒன்றே: 280 போதுமானது, 400 தேவையில்லை. அது பயனுள்ள செய்திதான். பயனர்கள் எழுதித் திருத்தும் நேரம் குறைந்திருக்கும் என்று நிறுவனம் இதிலிருந்து கருதியது. அது நேரடியாக அளந்ததல்ல, ஊகம். அறிவிப்பே அதை "நம்புகிறோம்" என்ற தொனியில்தான் சொன்னது. மின்னஞ்சல் எழுதுபவர் காக்கவேண்டிய நேர்மை இத்தகையது. அளந்ததை அளந்ததாகவும் ஊகித்ததை ஊகமாகவும் எழுதவேண்டும்.

முதல் நாள்களின் வேகத்தை விலக்கிப் பார்த்தது அடுத்த முக்கியமான செயல். புதிய வசதி எதுவானாலும் முதல் வாரத்தில் மக்கள் அதை விளையாட்டாகவே பயன்படுத்துவார்கள். 280 கிடைத்தவர்கள் ஒரே எழுத்தை 280 முறை தட்டியும், கிடைத்த பெருமையைக் காட்டவே வரம்பை நிரப்பியும் எழுதினார்கள். அந்த வாரத்தின் எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் சுருக்கம் செத்தது என்று திட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள். சோதனை ஆறு வாரம் நடந்ததால் வளைகோடு அடங்குவதைப் பார்க்க முடிந்தது. நாளுக்கு நாள் எண்கள் எப்படி மாறின என்று ஒரு கோட்டுப்படம் இருந்தால், விளையாட்டு எங்கே முடிந்தது, பழக்கம் எங்கே தொடங்கியது என்பது கண்ணில் படும். சராசரி ஒன்றை மட்டும் தந்தால் இரண்டும் கலந்துவிடும்.

கடினமான பகுதி அடுத்தது. கூடுதல் இடம் பெற்றவர்களுக்கு விருப்பங்களும் மறுபகிர்வும் பின்தொடர்பவர்களும் கூடினர் என்று அறிவிப்பு சொன்னது. எவ்வளவு என்று எண் தரவில்லை. செலவுப் பக்கத்தில் 5, 2 என்று துல்லியமான எண்கள். வரவுப் பக்கத்தில் வெறும் "கூடியது". பொதுமக்களுக்கான அறிவிப்பில் இதை மன்னிக்கலாம். உள்ளே சுற்றும் மின்னஞ்சலில் மன்னிக்கமுடியாது.

எண் இருந்தாலும் அதை அப்படியே நம்பமுடியாது என்பது அடுத்த சிக்கல். புதிய மருந்தைச் சோதிக்கும்போது, மருந்து பெற்றவரின் உடல் பெறாதவரின் உடலைப் பாதிப்பதில்லை. சமூக வலைத்தளத்தில் அப்படி இல்லை. 280 கிடைத்தவர் எழுதிய நீண்ட ட்வீட்டை, கிடைக்காதவரும் தன் திரையில் பார்க்கிறார். குட்டை ட்வீட்களுக்கு நடுவே நெடிய ஒன்று வந்தால் கண் அங்கே நிற்கும். படிப்பவரின் நேரமும் கவனமும் அளவுள்ளவை. ஒருவர் கூடுதலாகப் பெற்ற விருப்பம், அருகிலிருந்த இன்னொருவரிடமிருந்து நகர்ந்ததாக இருக்கலாம். சோதனையின்போது நீளம் ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்த சலுகை. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் அந்தச் சலுகையின் மதிப்புக் கரைந்துவிடும். ஆகவே சோதனைக் குழுவில் தெரிந்த கூடுதலில் எவ்வளவு புதிதாக விளைந்தது, எவ்வளவு இடம் மாறியது என்பதை அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரிக் கடிதத்தில் "அப்படியே நீடிக்கும் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்" என்ற எச்சரிக்கை வந்தது இதற்காகத்தான்.

படிப்பவரின் அனுபவமும் இதே காரணத்தால் சோதனையில் சரியாக அகப்படவில்லை. சிறு குழு மட்டும் நீளமாக எழுதும்போது யாருடைய திரையிலும் நீண்ட ட்வீட்கள் ஒன்றிரண்டுதான் வரும். எல்லோரும் எழுதும் நாளில் திரை எப்படி இருக்கும் என்பதை 5 விழுக்காடு என்ற எண்ணிலிருந்து கணக்கிட்டுத்தான் சொல்லமுடிந்தது. இந்தச் சிக்கலுக்கு ஓரளவு தீர்வு உண்டு. தனி ஆள்களைத் தேர்ந்தெடுக்காமல், தங்களுக்குள் மட்டும் பெரும்பாலும் பேசிக்கொள்ளும் ஒரு நாட்டையோ ஒரு மொழிக் கூட்டத்தையோ முழுதாகத் திறந்து, அதைப் போன்ற மற்றொன்றை மூடி வைத்து ஒப்பிடலாம். நீண்டவர்களும் குட்டையானவர்களும் ஒரே திரையில் கலக்கமாட்டார்கள். விலை என்னவென்றால், ஒப்பிடக் கிடைக்கும் கூட்டங்கள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் தன் தேர்தல், தன் திருவிழா என்று தனிக் காரணங்கள் இருக்கும். எண்களின் உறுதி குறையும். போதாக்குறைக்கு, ட்விட்டரின் சோதனையில் மதிலும் முழுதாக நிற்கவில்லை. குழுவில் இல்லாத சிலர் உலாவியில் ஒரு சிறு நிரலை ஓட்டி 280 எழுத்தில் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நல்ல மின்னஞ்சல் தனக்குச் சேராத பெருமையையும் ஒதுக்கவேண்டும். 2017-இன் கடைசிக் காலாண்டில் ட்விட்டர் தன் வரலாற்றில் முதன்முறையாக நிகர லாபம் கண்டது: 9.1 கோடி டாலர். 280 வெளியானதும் அதே காலாண்டில்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் படிப்பவர் மனம் தானாக முடிச்சுப் போட்டுவிடும். ஆனால் அதே காலாண்டில் மாதந்தோறும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை 33 கோடியில் அசையாமல் நின்றது. லாபத்துக்குச் செலவுக் குறைப்பு உட்பட வேறு காரணங்கள் இருந்தன. எழுத்து வரம்பால் புதியவர்கள் திரண்டு வந்தார்கள் என்று சொல்ல அந்த எண் இடம் கொடுக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் இறுதியில், நிறுவனம் மீண்டும் எண்களை வெளியிட்டது. 280 என்ற வரம்பில் முட்டிய ஆங்கில ட்வீட்கள் 1 விழுக்காடு. சோதனையில் கண்டது நிலைத்தது. மிக அதிகமாகக் காணப்பட்ட நீளம் 34-லிருந்து 33 ஆகியிருந்தது. வரம்பை இரட்டிப்பாக்கியபின் பெரும்பான்மைப் பழக்கம் ஓர் எழுத்து குறைந்தது. மூன்றாவது எண் கொஞ்சம் வேறு கதை சொன்னது: 140-ஐத் தாண்டியவை 12 விழுக்காடு. சோதனையில் அது 5. இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தும், செய்திகளில் இந்த ஒப்பீடு பெரிதாக எழவில்லை; 33-உம் 34-உம்தான் தலைப்பானது. புதுமை அடங்கியதும் நடத்தை நிலைபெற்றுவிட்டது என்ற கணிப்பு பாதிதான் சரி. விளையாட்டு அடங்கியது உண்மை. அதன் அடியில், மக்கள் புதிய இடத்தை மெல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரச் சோதனைக்கு அது தெரிய வழியில்லை.

அதே வெளியீட்டில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய கலகலப்பான எண்களும் வந்தன. "தயவுசெய்து" என்பதற்கான சொல்லைப் பயன்படுத்தியது 54 விழுக்காடு கூடியது. "நன்றி" 22 விழுக்காடு. gr8 என்று எழுதும் பழக்கம் 36 விழுக்காடும், b4 என்பது 13 விழுக்காடும், sry என்பது 5 விழுக்காடும் குறைந்தன. கேள்விக்குறி உள்ள ட்வீட்கள் 30 விழுக்காடு கூடின. இடம் கிடைத்ததும் மக்கள் பண்பாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. குறுக்கெழுத்துச் சுருக்கங்கள் குறைந்ததை வரம்போடு இணைக்க ஓரளவு நியாயம் உண்டு. இடநெருக்கடிக்காகவே பிறந்தவை அவை. மற்றவை முன்பு–பின்பு என்ற ஒப்பீடு மட்டுமே. அந்த ஓராண்டில் உலகமும் மாறியிருந்தது, தளத்தில் யார் எழுதுகிறார்கள் என்பதும் மாறியிருக்கும். 280 கிடைக்காத ஒரு குழுவை ஓராண்டும் ஒதுக்கி வைத்திருந்தால்தான் எது எதனால் என்று பிரித்திருக்கலாம். சில நிறுவனங்கள் அதற்காகவே பயனர்களில் ஒரு சிறு பங்கை மாதக்கணக்கில் பழைய நிலையிலேயே நிறுத்தி வைக்கும். எழுத்து வரம்பு போன்ற எல்லோர் கண்ணிலும் படும் ஒன்றில் அப்படிச் செய்வது கடினம். விடுபட்டவர்கள் உடனே கேட்பார்கள்.

ஆகவே பின்தொடர் மின்னஞ்சல் ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதன் வரிகள் இவ்வளவுதான்: வரம்பில் முட்டுவது 1 விழுக்காட்டில் நிற்கிறது, வழக்கமான நீளம் மாறவில்லை, நீண்ட ட்வீட்களின் பங்கு சோதனையில் கண்டதைவிட இரு மடங்குக்கு மேல், அடுத்த ஆண்டும் பார்க்கவேண்டும், சொற்களைப் பற்றிய எண்களுக்குக் காரணம் கூற இயலாது, கெமர், அம்ஹாரிக் எழுத்துகளின் எடையை மறுபரிசீலனை செய்யவேண்டும்.